கட்டணப் பயிலரங்கின் ரெக்கார்டிங்கை அப்புறம் விற்கலாமா? டிக்கெட், ஜூம், கிட் பற்றியும் சந்தேகம்

பாகூர் மலர்

வணக்கம். புதுச்சேரியிலிருந்து கேட்கிறேன். திருக்கனூரில் காகிதக்கூழ் பொம்மை செய்வதில் கைதேர்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி நேரம், ஆன்லைனில் நேரலையாகப் பயிலரங்கு நடத்தப்போகிறேன். கட்டணம் 499 ரூபாய். விசாரித்தவர்களில் பாதிப்பேர் கடலூர், சிதம்பரம், சென்னை. பிரான்சில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்களும் கேட்கிறார்கள். 60 பேர் வருவார்கள் என்று நினைக்கிறேன்.

கூகுள் ஃபார்மில் பெயர் வாங்கி, யுபிஐயில் பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் போதுமா? ஒருவர் லிங்க் வாங்கி நாலு பேருக்கு அனுப்பிவிட்டால் என்ன செய்வது? வகுப்பு முடிந்ததும் ரெக்கார்டிங்கை 299 ரூபாய்க்கும், கூழ், பசை, அச்சு எல்லாம் சேர்த்த கிட்டை கூரியரிலும் விற்க நினைக்கிறேன். பெரியவருக்கு மொத்தமாக 8,000 ரூபாய் பேசியிருக்கிறேன். எழுத்தில் எதுவும் இல்லை. என்னவெல்லாம் சரி செய்துகொள்ள வேண்டும்?

லாஸ்பேட்டை ரவி

ரெக்கார்டிங் பற்றிக் கவலையே வேண்டாம். அவருக்குப் பணம் கொடுக்கிறீர்கள், ஜூம் கணக்கு உங்களுடையது, ரெக்கார்ட் பண்ணுவதும் நீங்கள். பிறகு யார் கேட்க முடியும்? ஜிஎஸ்டியைத்தான் பாருங்கள். புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு விற்றாலே வெளிமாநில வியாபாரம். முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். 20 லட்சம் வரை விலக்கு என்பதெல்லாம் உள்ளூருக்குள் மட்டும்தான்.

முதுநகர் ஆரி டீச்சர்

நான் கடலூரில் ஆரி வேலை வகுப்பு ஆன்லைனில் எடுக்கிறேன். ஸ்கிரீன்ஷாட் முறை மட்டும் வேண்டாம், மலர். எனக்கு ஒரே ஸ்கிரீன்ஷாட் இரண்டு பேரிடமிருந்து வந்தது. பெயரை மட்டும் மாற்றி எடிட் செய்திருந்தார்கள், கீழே இருந்த 12 இலக்க யுபிஐ எண் அப்படியே இருந்தது. அந்த எண்ணை பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் தெரிந்தது. 15 பேர் என்றால் உட்கார்ந்து பார்த்துவிடலாம். வகுப்புக்கு அரை மணி நேரம் முன்னால் 20 பேர் ஒன்றாகப் பணம் போட்டால் யாராலும் முடியாது. அதுவும் கடைசி நேரத்தில்தான் எல்லாரும் போடுவார்கள்.

நெல்லிக்குப்பம் செல்வம்

நான் சில வருடங்களாக மற்றவர்களுக்கு இந்த மாதிரி வகுப்புகளின் பின்வேலையைப் பார்த்துக் கொடுக்கிறேன். மலர் கேட்டதில் ரெக்கார்டிங்தான் பெரிய விஷயம். அதற்கு முன் டிக்கெட்டை முடித்துவிடுகிறேன்.

பேமென்ட் கேட்வே ஒன்றில் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். கமிஷன் பொதுவாக 2 சதவீதம், அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. 60 பேர் 499 கட்டினால் 29,940 ரூபாய். அதில் போவது 707 ரூபாய் அளவில்தான். யார் கட்டினார்கள் என்ற பட்டியல் பெயர், மெயில், போன் எண்ணோடு தானாகக் கிடைக்கும். வெளிநாட்டு கார்டுக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும், கமிஷனும் கூடுதல். பிரான்ஸ் ஆட்களுக்காக அதை இப்போதே விண்ணப்பித்து வையுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் கிடைக்காது.

ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டிக்கும். அதனால் ஒரு மாதத்துக்காவது ப்ரோ எடுங்கள். அதில் மீட்டிங் அமைக்கும்போது Registration-ஐ ஆன் செய்து `Manually Approve` வையுங்கள். பணம் கட்டிய அதே மெயிலில் பதியச் சொல்லி, கேட்வே பட்டியலோடு ஒப்பிட்டு நீங்கள் அப்ரூவ் செய்தால்தான் அவரவருக்குத் தனி லிங்க் மெயிலில் போகும். ஒரே லிங்கைப் பல கருவிகளில் திறக்கவிடும் விருப்பம் அங்கேயே இருக்கும், அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். நம் ஆட்கள் மெயில் பார்ப்பதில்லை, பாதி ஸ்பாமில் கிடக்கும். முந்தின நாள் மாலை வாட்ஸ்அப்பில் "மெயில் வந்ததா" என்று கேட்டு, வராதவர்களுக்கு அங்கிருந்தே மறுபடி அனுப்புங்கள்.

ப்ரோவில் 100 இடம். பெரியவரின் கையைக் காட்ட மேலே மாட்டும் போன், உங்கள் லேப்டாப், உதவியாளர் என ஒவ்வொரு கருவிக்கும் ஒரு இடம் போகும். கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகமானாலும் டிக்கெட்டை 95-ல் நிறுத்திவிடுங்கள்.

இனி ரெக்கார்டிங். ரவி சொன்னதில் பாதிதான் சரி. பதிவை எடுத்தவர் என்ற முறையில் அந்த வீடியோவுக்கு மலருக்கு உரிமை உண்டு. ஆனால் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துபவருக்கென்று தனி உரிமை இருக்கிறது. பாடகர், நடிகர் மட்டுமில்லை, விரிவுரை நிகழ்த்துபவரும் அந்த வரையறைக்குள் வருகிறார். நேரலையில் பேசிக்கொண்டே செய்து காட்டுகிற பெரியவரும் அதில் சேர்வார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அவர் சம்மதம் இல்லாமல் பதிவு செய்வதும், அந்தப் பதிவை விற்பதும் அவர் உரிமையில் கைவைப்பதுதான். 8,000 ரூபாய் அன்றைய மூன்று மணி நேரத்துக்குப் பேசியது. பதிவை விற்கும் உரிமை அதற்குள் தானாக வந்துவிடாது.

அதனால் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எந்தப் பயிலரங்கின் பதிவு, அதை வைத்து என்ன செய்வீர்கள், எத்தனை வருடம், எந்தெந்த நாடு, அவருக்கு என்ன பங்கு என்று ஐந்தும் அதில் இருக்க வேண்டும். வருடம் எழுதாவிட்டால் சட்டம் 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளும். இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும். உங்கள் விஷயத்தில் இது சும்மா ஒரு சம்பிரதாயம் இல்லை. பாரிசில் இருப்பவர் பதிவை வாங்கும்போதே பிரச்சினை ஆரம்பித்துவிடும். இன்னொன்று, உரிமையை வாங்கி ஒரு வருடம் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் அது போய்விடும், வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர.

பங்கை நீங்களும் அவரும் பேசிக்கொள்வதுதான். ஒரு விற்பனைக்கு இத்தனை ரூபாய் என்று வைப்பது நல்லது. 299-ல் 90 ரூபாய் அவருக்கு என்றால், 40 பேர் வாங்கினால் 3,600 ரூபாய் அவர் கைக்குப் போகும். எத்தனை விற்றது என்ற கணக்கை அவருக்கு எப்போது காட்டுவீர்கள் என்பதையும் எழுதுங்கள். அவர் கைவேலையை வைத்துத்தானே இத்தனையும் நடக்கிறது.

புவனா, விழுப்புரம்

எதுக்கு இவ்வளவு? மொபைலிலேயே ஸ்கிரீன் ரெக்கார்டர் இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டால் ரெக்கார்டிங் கிடைத்துவிடும். நான் எல்லா வகுப்பையும் அப்படித்தான் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

நெல்லிக்குப்பம் செல்வம்

புவனா, மலர் கேட்பது பதிவை எப்படி எடுப்பது என்றில்லை, எடுத்ததை விற்கலாமா என்று. ஆனால் நீங்கள் சொன்னதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஜூமில் மற்றவர்கள் பதிவு செய்வதை ஹோஸ்ட் தடுக்கலாம், போனின் ஸ்கிரீன் ரெக்கார்டரைத் தடுக்க முடியாது. அதனால் டிக்கெட் பக்கத்திலேயே "வகுப்பைப் பதிவு செய்யவோ பகிரவோ அனுமதி இல்லை. வந்தவர்கள் 30 நாள் மறுபடி பார்க்கலாம்" என்று போட்டுவிடுங்கள். மறுபடி பார்க்கக் கிடைக்கும் என்று தெரிந்தால் முக்கால்வாசிப் பேர் தாங்களாக எடுக்க மாட்டார்கள்.

வந்தவர்களின் முகமும் குரலும் பதிவில் விழக்கூடாது, மலர். யாராவது மைக்கைத் திறந்து பேசினால் பதிவில் படம் அவர் பக்கம் தாவும், வீட்டுக்குள்ளே இருப்பதெல்லாம் தெரியும். பெரியவரின் கையைக் காட்டும் போன் மேல் `Spotlight for Everyone` போட்டுவிட்டு க்ளவுடில் பதிவு செய்தால் படம் அங்கேயே நிற்கும். அந்தப் போனில் ஆடியோவைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள், எதிரொலி வரும். கேள்வி நேரத்துக்கு முன் பதிவை நிறுத்திவிடுங்கள். விற்கும் வீடியோ அதுவரைக்கும் போதும்.

பாகூர் மலர்

நன்றி செல்வம் அண்ணா. பெரியவரிடம் இன்று பேசினேன். பங்கு வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. "என் பேர் அதிலே வரணும், நான் போனப்புறமும் பசங்க பார்க்கணும்" என்றார். ஆனால் அச்சுக்கு முதலில் கூழை எத்தனை கனத்தில் அப்ப வேண்டும், ஈரம் எந்தப் பதத்தில் கழற்ற வேண்டும் என்று காட்டும் பகுதியை விற்க வேண்டாம் என்கிறார். அது குடும்பத்துக் கைப்பழக்கமாம். ஒப்பந்தம் தமிழில் இருந்தால் செல்லுமா?

நெல்லிக்குப்பம் செல்வம்

தமிழில் தாராளமாக எழுதலாம். அவருக்குப் புரிகிற மொழியில் இருப்பதுதான் நல்லது. பெயர் விஷயத்தையும் எழுதுங்கள். நிகழ்த்தியவர் என்று பெயர் போடச் சொல்ல அவருக்குச் சட்டப்படியே உரிமை இருக்கிறது. அவர் வேண்டாம் என்ற பகுதியை "நேரலைக்கு மட்டும்" என்று குறித்துவிட்டு, அந்த நேரம் பதிவை நிறுத்துங்கள். அப்புறம் வெட்டிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், ஒருநாள் யாராவது முழு ஃபைலையும் அனுப்பிவிடுவார்கள். டிக்கெட் பக்கத்திலும், இந்தப் பகுதி மறுபடி பார்க்கக் கிடைக்காது என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அங்கேதான் ரீஃபண்ட் சண்டை வரும்.

பங்கை அவர் கேட்காவிட்டாலும் எழுதிவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை, நெல்லித்தோப்பு

ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். ஜிஎஸ்டி பற்றி மட்டும் சொல்கிறேன். வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால் வரம்பு பார்க்காமல் பதிவு கட்டாயம் என்பது சட்டத்தில் இருக்கிறது, ரவி அதைத்தான் சொல்கிறார். ஆனால் பயிலரங்கு சேவை. சேவைக்கு 2017 அக்டோபரிலேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள். வெளிமாநிலத்துக்கு விற்றாலும் வருட வரவு 20 லட்சம் தாண்டும்வரை பதிவு தேவையில்லை.

சிக்கல் கிட்டில்தான். அது பொருள். பாகூரிலிருந்து ஒரே ஒரு கிட் கடலூருக்குப் போனாலும் வெளிமாநில விற்பனை. கைவினைப் பொருளுக்கு விலக்கு உண்டு, காகிதக்கூழ்ப் பொருட்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் அதற்கும் பான் எண், இ-வே பில் என்று நிபந்தனை இருக்கிறது. பச்சைக் கூழும் பசையும் போட்ட பையைக் கைவினைப் பொருள் என்று சொல்ல முடியாது.

முதுநகர் ஆரி டீச்சர்

அப்படியானால் கிட்டுக்குள் பெரியவர் கையால் செய்த, வண்ணம் பூசாத பொம்மை ஒன்றை வைத்து, பூசும் வேலையை மட்டும் வாங்குபவருக்கு விட்டால்?

கணக்குப்பிள்ளை, நெல்லித்தோப்பு

நல்ல கேள்வி. பொம்மை மட்டும் போனால் கைவினைப் பொருள் என்று வாதாடலாம். கூடவே பிரஷ், பெயின்ட் போனால் எப்படிப் பார்ப்பார்கள் என்பதில் எங்கள் ஆபீசிலேயே இரண்டு கருத்து இருக்கிறது. எழுத்தில் ஒரு பதில் இல்லாமல் அதை நம்பி நூறு கிட் கட்டாதீர்கள்.

பாகூர் மலர்

சரி. கிட்டை இப்போதைக்குப் புதுச்சேரிக்குள் மட்டும் விற்கிறேன். மற்றவர்களுக்கு, உள்ளூர்க் கடையில் என்னென்ன வாங்க வேண்டும் என்ற பட்டியலை டிக்கெட்டோடு அனுப்பிவிடுகிறேன். அச்சு மட்டும் கடையில் கிடைக்காது. வீட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துச் செய்கிற மாதிரி முதல் பாடத்தை மாற்ற முடியுமா என்று பெரியவரிடம் கேட்டிருக்கிறேன். காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசம்தான், ஆனால் கூரியர் தமிழ்நாடு வழியாகத்தான் போகும். அது உள்மாநிலக் கணக்கா, கணக்குப்பிள்ளை அண்ணா?

கணக்குப்பிள்ளை, நெல்லித்தோப்பு

உள்மாநிலக் கணக்குதான். வண்டி எந்த வழியாகப் போகிறது என்பது இதில் வராது. பொருள் போய்ச் சேரும் இடத்தைத்தான் பார்ப்பார்கள். பார்சலோடு பில்லை மட்டும் வைத்து அனுப்புங்கள்.