பக்கத்துக் கட்டத்துக்குப் போகாத குதிரை

*குடும்பக் குழு, திருகோணமலை*

நான்: அண்ணா, சின்னவனுக்குச் செஸ்ஸில் குதிரை மட்டும் பிடிபடவில்லை. "ரெண்டு நேரே, ஒண்டு பக்கம்" என்று ரெண்டு நாளாகச் சொல்கிறேன். a1-இல் இருக்கிறதைத் தூக்கி b2-இல் வைக்கிறான்.

சித்தி: ஐந்து வயதுப் பிள்ளைக்குக் குதிரைச் சவாரியா? விழுந்து கையை முறிக்கப் போகிறான்.

நான்: செஸ் குதிரை சித்தி 😄

அண்ணா: அவன் எண்ணும்போது விரலைப் பார். குதிரை நிற்கிற கட்டத்தையே "ஒண்டு" என்கிறானா?

நான்: ஓம்! அதேதான். a1 ஒண்டு, a2 ரெண்டு, பிறகு பக்கத்தில் b2.

அண்ணா: அப்ப எண்ணுவதை விடு, நிறத்தைப் பார்க்கச் சொல். கறுப்பில் நிற்கிற குதிரை வெள்ளையில்தான் விழும், வெள்ளையில் நிற்பது கறுப்பில். a1, b2 இரண்டும் கறுப்பு. பிழையை அவனே பிடிப்பான்.

மாமா: நிறம் மாறினால் சரி. அதை மட்டும் சொல்லிக் கொடு பிள்ளை, போதும்.

அண்ணா: போதாது மாமா. a2-உம் வெள்ளைதான், அங்கே பாயாதே. நிறம் மாறாவிட்டால் பிழை நிச்சயம். மாறிவிட்டது என்பதற்காகச் சரி என்று சொல்ல ஏலாது.

மாமா: ம்ம்.

அண்ணா: தங்கச்சி, மற்றக் காய்களை எல்லாம் எடுத்து வை. குதிரை a1-இல். b3, c5, d3, b2 நாலிலும் ஒவ்வொரு புளியங்கொட்டை. பாய்ச்சலுக்கு ஒன்றாகப் பொறுக்க வேண்டும். அப்புறம் b2-இல் மட்டும் ஒன்றை வைத்து மறுபடி a1-இல் இருந்து விடு. பக்கத்தில்தானே என்பான். நாலு பாய்ச்சலுக்குக் குறைய வராது.

மச்சாள்: என்ர மகள் ராணியில்தான் தொடங்கினாள். எட்டுச் சிப்பாயையும் ராணி தின்கிற விளையாட்டு. இப்ப குதிரையையும் ராணி மாதிரிக் குறுக்கே இழுக்கிறாள்.

அண்ணா: ராணியைக் கடைசிக்கு வைத்திருக்கலாம். முதலில் சிப்பாய் மட்டும், எட்டுக்கு எட்டு. கடைசி வரிசையை முதலில் தொட்டவருக்கு வெற்றி. நேரே நடந்து குறுக்கே வெட்டுவது அதிலேயே பழகிவிடும்.

மச்சாள்: நல்ல கதை. ராணி இல்லாவிட்டால் அவள் பலகைக்கே வரமாட்டாள்.

மாமா: ரெண்டு பக்கச் சிப்பாயும் முட்டிக்கொண்டு நின்றால் யாருக்கு வெற்றி?

அண்ணா: நான் சமன் என்பேன். நகர முடியாதவருக்குத் தோல்வி என்று விளையாடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மாமா: அதுதான் நியாயம்.

*இரவு 8.40*

நான்: நாலு கொட்டையும் பொறுக்கினான். பிறகு b2-க்கு ஆறு பாய்ச்சலில் போனான். குதிரைக்கு இப்ப "மான்" என்று பெயர். கோட்டை வாசலில் நிற்கிற மான் இப்படித்தான் துள்ளுமாம்.

அண்ணா: ஆறு நல்லது. ஒரே நிறத்துக்கு இரட்டையில்தான் வரும். ஐந்து என்றிருந்தால் அளாப்பியிருக்கிறான்.

சித்தி: புளியங்கொட்டையை எண்ணி எடுத்து வை. மூக்குக்குள் போட்டுவிடுவான்.

நான்: மூன்றுதான் இருக்கு சித்தி 😳