[கலைச்சொல்] கடவுச்சொல் ஆக்கும் ஸ்கிரிப்ட்: இந்த எண்ணாக்கியைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கதிரவன்:

நண்பர்களே, வணக்கம்.

கடவுச்சொல் ஆக்கும் ஒரு சிறு ஸ்கிரிப்டுக்கான உதவிப் பக்கத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஸ்கிரிப்ட் இவ்வளவுதான்:

```python
import secrets, string
எழுத்துகள் = string.ascii_letters + string.digits
print(''.join(secrets.choice(எழுத்துகள்) for _ in range(16)))
```

(மாறியின் பெயர் தமிழில் இருந்தாலும் பைத்தான் 3 முணுமுணுக்காமல் ஓடும்.)

உதவிப் பக்கத்தில் முக்கியமான வரி, "`random` வேண்டாம், `secrets` பயன்படுத்துங்கள்" என்பது. இரண்டும் எண்ணாக்கிகள்தாம். இரண்டாவதை ஆங்கிலத்தில் சி.எஸ்.பி.ஆர்.என்.ஜி. என்கிறார்கள். பழைய மொழிபெயர்ப்பில் "பாதுகாப்பான சமவாய்ப்பு எண் உருவாக்கி" என்று இருக்கிறது. படிப்பவர் இதை "`random`-ஐவிடக் கொஞ்சம் தரமானது" என்றுதான் எடுத்துக்கொள்வார். வேறு சொல் உண்டா?

---

மீனாட்சி:

சமவாய்ப்பு என்பது பள்ளிப் பாடநூலிலேயே உள்ள சொல், அதை ஏன் விட வேண்டும்? "உயர்தரச் சமவாய்ப்பு எண்ணாக்கி" என்றால் போதும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். `random`-ஐ இவ்வளவு பயந்து ஒதுக்கத் தேவையில்லை. `seed` எதுவும் கொடுக்காவிட்டால் பைத்தான் இயங்குதளத்திடமிருந்துதான் விதையை எடுக்கிறது. அந்த விதையை யாரும் ஊகிக்க முடியாது. சிக்கலெல்லாம் விதையை நாமே வைக்கும்போதுதான்.

---

தணிகாசலம்:

மீனாட்சி அம்மா சொன்னதில் விதை பற்றிய பகுதி சரி. ஆனால் விதை தெரியாவிட்டால் பிழைத்தோம் என்பது சரியில்லை.

`random` உள்ளே ஓடுவது மெர்சென் ட்விஸ்டர். அதன் உள்நிலை 624 எண்கள், ஒவ்வொன்றும் 32 பிட். அது வெளியே தரும் ஒவ்வொரு எண்ணும் உள்நிலையில் உள்ள ஓர் எண்ணைத் திருப்பிப் பிரட்டியதுதான். அந்தப் பிரட்டலைத் தலைகீழாகச் செய்துவிடலாம். ஆகவே முழு 32 பிட் எண்கள் தொடர்ச்சியாக 624 கையில் கிடைத்தால் உள்நிலை மொத்தமும் கையில். அதன் பிறகு வரப்போகும் எண் ஒவ்வொன்றையும் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். விதை என்னவாக இருந்தது என்று தெரியவே வேண்டாம்.

கடவுச்சொல்லில் முழு எண் வெளியே வராதே என்று கேட்கலாம். 62 எழுத்துகளிலிருந்து ஒன்றைத் தேர, `random.choice` ஒவ்வொரு எண்ணிலிருந்தும் மேல் 6 பிட்டை எடுக்கிறது. 62 அல்லது 63 விழுந்தால் தள்ளிவிட்டு மறுபடி எடுக்கிறது. ஆக ஓர் எழுத்து 6 பிட்டைக் காட்டிக்கொடுக்கிறது. உள்நிலை 19,937 பிட். வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 3,300 எழுத்துகள், அதாவது 16 எழுத்துக் கடவுச்சொற்களாக இருநூற்றுக்குச் சற்று மேல். தள்ளிவிட்ட எண்கள் எந்த இடத்தில் போயின என்று தெரியாததால் வேலை கூடும். ஆனால் அதைத் தடுப்புச் சுவர் என்று நம்பக் கூடாது. ஒரே ஓட்டத்தில் ஆயிரம் பேருக்குக் கடவுச்சொல் ஆக்கும் ஸ்கிரிப்டில், முதல் சில நூறு ஒருவர் கைக்குக் கிடைத்தால் மற்றவர்களுடையதும் ஆபத்தில்தான்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். மெர்சென் ட்விஸ்டர் வாய்ப்புகளைச் சமமாகவே பகிர்கிறது. புள்ளியியல் வேலைக்கு அது நல்ல கருவி. அதாவது சமவாய்ப்பில் அது குறையுடையது அல்ல. "உயர்தரச் சமவாய்ப்பு" என்று பெயர் வைத்தால், இல்லாத குறையைச் சுட்டி, இருக்கும் குறையை மறைத்துவிடுகிறோம்.

---

நிரோஷன்:

இலங்கையில் நாங்கள் சமவாய்ப்பு என்பதை எழுமாறு, எழுமாற்று என்று படித்தோம். அதில் "சமம்" என்ற பொருள் கலப்பதில்லை, ஆகவே தணிகாசலம் ஐயா சொல்லும் சிக்கலும் வராது. "காப்பு எழுமாற்றி" என்று வைக்கலாம். சுருக்கம், பட்டியில் பொத்தானிலும் அடங்கும்.

---

கதிரவன்:

எழுமாற்றி எனக்கும் பிடிக்கிறது. ஆனால் இதே மென்பொருளில் "காப்பு" என்ற பட்டி ஏற்கெனவே இருக்கிறது, அது கோப்புகளைப் படியெடுத்து வைக்கும் இடம். பக்கத்திலேயே "காப்பு எழுமாற்றி" இருந்தால் கடவுச்சொல்லைப் படியெடுக்கும் வசதி என்று நினைத்துவிடுவார்கள்.

---

ரஹீம்:

நான் புதியவன், கேள்வி இடம் மாறியிருந்தால் மன்னிக்கவும். புதிய பயனர்களுக்குக் கடவுச்சொல் தரும் என் ஸ்கிரிப்டில் `random.seed(int(time.time()))` என்று வைத்திருக்கிறேன். நேரம் மாறிக்கொண்டே இருப்பதால் இருவருக்கு ஒரே கடவுச்சொல் வராது அல்லவா? இதையும் எழுமாற்று என்று சொல்லலாமா?

---

தணிகாசலம்:

தம்பி, முதலில் அந்த வரியை எடுத்துவிடுங்கள், பெயரைப் பிறகு பார்ப்போம்.

`int` போட்டதால் விதை நொடிக்கு ஒருமுறைதான் மாறுகிறது. ஒரே நொடியில் ஸ்கிரிப்ட் இருமுறை ஓடினால் இருவருக்கும் அச்சு அசலாக ஒரே கடவுச்சொல். எதற்காக அந்த வரியை வைத்தீர்களோ, அதுவே நடக்காது.

அதைவிடப் பெரியது இது. 62 எழுத்தில் 16 இடம் என்றால் 95 பிட் வலு. தேடித் தீராது. ஆனால் உங்கள் ஸ்கிரிப்ட் ஒரு நாள் முழுக்க ஓடினாலும் தரக்கூடிய விதைகள் 86,400தான். முதல் கடவுச்சொல்லும் அத்தனை வகைதான், 17 பிட்டுக்கும் குறைவு. கணக்கு தொடங்கிய நேரம் வரவேற்பு மின்னஞ்சலிலேயே இருக்கும். அதற்கு முந்தைய பத்து நிமிடத்தின் விதைகளைத் தேடினால் போதும்:

```python
for t in range(T - 600, T + 1):
    random.seed(t)
    print(''.join(random.choice(A) for _ in range(16)))
```

`T` என்பது மின்னஞ்சலின் நேரம், `A` அந்த 62 எழுத்துகள். 601 வரிகள் வரும், அதில் ஒன்று உங்கள் பயனரின் கடவுச்சொல். கண்ணால் பார்த்தால் ஒவ்வொன்றும் கன்னாபின்னாவென்றுதான் இருக்கும். கடவுச்சொல்லைப் பார்த்து இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஸ்கிரிப்டைத் திறந்து `import random` இருக்கிறதா, `seed` இருக்கிறதா என்று தேடுவதுதான் வழி.

`secrets` 2016 டிசம்பரில் வந்த பைத்தான் 3.6 முதல் இருக்கிறது. அதில் `seed` என்ற செயற்கூறே கிடையாது. ஒவ்வொரு தேர்வுக்கும் இயங்குதளத்தைக் கேட்கும். முன்பு தந்ததை வைத்து அடுத்ததைக் கணிக்க அதில் ஒன்றும் மிச்சமிருக்காது. ஏற்கெனவே கொடுத்த கடவுச்சொற்களையும் மாற்றச் சொல்லிவிடுங்கள். ஸ்கிரிப்டைத் திருத்தினால் பழையவை திருந்தாது.

---

மீனாட்சி:

624 பற்றிய விளக்கத்துக்கு நன்றி, அந்தப் பக்கத்தை நான் யோசிக்கவில்லை. ஆனால் சமவாய்ப்பை அவ்வளவு எளிதில் தூக்கிப்போட முடியாது. `os.urandom` மூலம் பைட்டுகளை எடுத்து `b % 62` என்று எழுதும் ஸ்கிரிப்டுகளைப் பார்க்கிறோம். 256-இல் 62 நான்கு முறை போக 8 மிஞ்சும். அந்த மிச்சத்தால் `abcdefgh` ஆகிய எட்டு எழுத்துக்கும் 256-க்கு 5 வாய்ப்பு, மற்றவற்றுக்கு 4. இங்கே எண்ணாக்கி பாதுகாப்பானது, ஆனால் வாய்ப்பு சமமில்லை. ஆக இரண்டும் வேண்டும், பெயரிலும் இரண்டும் இருக்க வேண்டும்.

---

தணிகாசலம்:

அருமையான எடுத்துக்காட்டு. ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. `% 62` போட்ட ஸ்கிரிப்டில் சமவாய்ப்பு இல்லை, இருந்தும் அடுத்த எழுத்தை யாராலும் சொல்ல முடியாது. மிக மோசமாகக் கணக்கிட்டாலும் 16 எழுத்துக்கு 95 பிட் 90-க்கு இறங்கும், அவ்வளவுதான். ரஹீமின் ஸ்கிரிப்டில் சமவாய்ப்பு உண்டு, பாதுகாப்பு துளியும் இல்லை. இரண்டும் தனித்தனிக் குணங்கள். நமக்குப் பெயர் வேண்டியது இரண்டாவதற்கு.

`% 62` பிழையைத் திருத்த வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை: 248-க்குக் கீழ் உள்ள பைட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ள வேண்டும். `secrets.choice` தள்ளும் வேலையைத் தானே செய்துகொள்கிறது. ஆனால் அது எண்ணாக்கியைப் பயன்படுத்துவதில் உள்ள பிழை, எண்ணாக்கியின் பிழை அன்று.

என் பரிந்துரை "ஊகிக்கவியலா எண்ணாக்கி". நீளம் பொறுக்கவில்லை என்றால் "பிடிகொடா எண்ணாக்கி". பிடிகொடுக்காமல் பேசுகிறான் என்கிறோமே, அதேதான். எத்தனை எண்ணைக் கொடுத்தாலும் உள்நிலையைப் பிடிக்க இடம் கொடுக்காது.

---

மீனாட்சி:

பிடிகொடா அழகாக இருக்கிறது, ஆனால் உதவிப் பக்கத்தில் படிப்பவர் சிரித்துவிடுவார். எனக்கு "ஊகிக்கவியலா" பரவாயில்லை. சமவாய்ப்பை `random` பக்கத்துக்காவது விட்டுவைக்கச் சொல்கிறேன்.

---

நிரோஷன்:

"ஊகிக்கவியலா" என்று பெயரிலேயே உறுதி கொடுப்பதில் எனக்குத் தயக்கம். டெபியனில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். 2006-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில் செய்த ஒரு மாற்றத்தால், எண்ணாக்கிக்குள் கலக்க வேண்டிய சமவாய்ப்புச் சரக்கு போகாமலே நின்றது. மிஞ்சியது செயல்முறை எண் மட்டும், அதிகபட்சம் 32,768 வகை. 2008 மே மாதத்தில்தான் வெளியே தெரிந்தது. அதுவரை ஆக்கிய சாவிகளை முழுப் பட்டியலாகவே போட முடிந்தது. எண்ணாக்கியின் வழிமுறை குறியாக்கத் தரமானதுதான், ஊட்டிய விதைதான் கெட்டது. அந்த இரண்டு ஆண்டும் அதை ஊகிக்கவியலா எண்ணாக்கி என்று அழைத்திருப்போமா? "குறியாக்க எழுமாற்றி" என்றால் எந்த வேலைக்கானது என்று மட்டும் சொல்லும், வாக்குறுதி தராது.

---

தணிகாசலம்:

நியாயமான கேள்வி. பெயர் அதன் இலக்கணத்தைச் சொல்கிறது, பழுதானதும் பெயர் பொய்யாகும் என்பது என் வாதம். ஆனால் "குறியாக்க எழுமாற்றி" என்றால் கோப்பைக் குறியாக்கம் செய்பவருக்கு மட்டும் என்று நினைத்து, கடவுச்சொல்லுக்கு `random` போதும் என்பார்களே. அதை எப்படித் தடுப்பது?

---

ரஹீம்:

`secrets`-க்கு மாற்றிவிட்டேன், நன்றி ஐயா. பைத்தான் இல்லாத ஒரு கணினியில் ஷெல்லிலேயே செய்ய வேண்டும். `$RANDOM` சரிவருமா?

---

கதிரவன்:

வேண்டாம். அது 0 முதல் 32,767 வரைதான், `random` போலவே கடவுச்சொல்லுக்கு ஆகாதது. இதைப் போடுங்கள்:

```sh
LC_ALL=C tr -dc 'A-Za-z0-9' < /dev/urandom | head -c 16; echo
```

62 எழுத்தில் சேராத பைட்டை `tr` வீசிவிடுவதால் மீனாட்சி அம்மா சொன்ன `% 62` சாய்வும் வராது. `LC_ALL=C` இல்லாவிட்டால் மேக் கணினியில் பைட் வரிசை தவறு என்று நின்றுவிடும். ஸ்கிரிப்டில் `set -o pipefail` இருந்தால் இந்த வரியில் `echo`-வுக்கு முன் உள்ள பகுதி 141 என்று தோல்வி காட்டும். `head` 16 எழுத்தை எடுத்துக்கொண்டு கதவை மூடுவதால் `tr` பாதியில் சாகிறது, அவ்வளவுதான்; கடவுச்சொல் சரியாகவே வந்திருக்கும். கூடவே `set -e` இருந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும், அந்த வரிக்கு மட்டும் `pipefail`-ஐ அணைத்துவையுங்கள்.

சொல் விஷயத்தில், இப்போதைக்கு உதவிப் பக்கத்தில் "ஊகிக்கவியலா எண்ணாக்கி" என்றும், பட்டியில் "எழுமாற்றி" என்றும் போட்டுவைக்கிறேன். அடுத்த வெளியீட்டுக்கு முன் நிரோஷனும் ஐயாவும் ஒத்துப்போனால் மாற்றிக்கொள்ளலாம்.