பெரும்பான்மை வடிகட்டியா, முகட்டு வடிகட்டியா? கலைச்சொல் வேண்டி ஒரு மடல்

கோத்தகிரியிலிருந்து, புவியியல் ஆசிரியை:

குழுவினர்க்கு வணக்கம். இளநிலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கான செய்முறைக் கையேட்டை வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு பாடத்தில் மட்டும் சொல் கிடைக்காமல் நின்றுவிட்டேன்.

சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தை வைத்து நீலகிரியின் ஒரு பகுதியைச் சோலை, தேயிலை, புல்வெளி, காய்கறி, கற்பூர மரம் என ஐந்து வகையாகப் பிரிக்கிறோம். கணினி ஒவ்வொரு பிக்சலையும் தனித்தனியாகப் பார்த்து வகை சொல்வதால், ஒரே தேயிலைத் தோட்டத்துக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சோலை நிறமும் கற்பூர மரத்தின் நிறமும் தெறித்துக் கிடக்கின்றன. தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களும், சரிவின் நிழலும் செய்யும் வேலை அது. இந்தத் தெறிப்பை ஆங்கிலத்தில் உப்பும் மிளகும் என்கிறார்கள். அதை நீக்க, ஒவ்வொரு பிக்சலையும் சுற்றி மூன்றுக்கு மூன்று என ஒன்பது கட்டங்களை எடுத்து, அவற்றுள் எந்த வகை மிகுதியோ அதையே நடுக்கட்டத்துக்குக் கொடுக்கிறோம்.

கையேட்டில் தற்போதைக்கு "பெரும்பான்மை வடிகட்டி", "உப்பு-மிளகு இரைச்சல்" என்று எழுதி வைத்திருக்கிறேன். இவை பொருந்துமா, மாணவருக்குப் புரியுமா என்று சொல்லுங்கள்.

குன்னூரிலிருந்து, ஒளிப்படக் கலைஞர்:

உப்பு-மிளகுப் புள்ளிகளை நாங்கள் நாள்தோறும் நீக்குகிறோம். அதற்குப் பெரும்பான்மை எதுவும் தேவையில்லை. ஒன்பது மதிப்புகளையும் ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்தால் போதும், வெள்ளையும் கறுப்பும் ஓரங்களுக்குப் போய்விடும். அதற்கு "இடைநிலை வடிகட்டி" என்ற சொல் ஏற்கெனவே இருக்கும்போது புதிதாக ஒன்றை ஏன் தேட வேண்டும்?

கூடலூரிலிருந்து, வனப் படவியல் பணியாளர்:

குன்னூர் நண்பர் சொல்வது ஒளிப்படத்துக்கு முற்றிலும் சரி. அங்கே எண் என்பது ஒளியின் அளவு. 40க்கும் 60க்கும் இடையில் 50 என்பதற்குப் பொருள் உண்டு. வகைப்படுத்திய ராஸ்டரில் எண் வெறும் அடையாளம்தான். சோலை 1, தேயிலை 2, புல்வெளி 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது கட்டங்களில் சோலை நான்கு, தேயிலை இரண்டு, புல்வெளி மூன்று. ஏறுவரிசையில் அடுக்கினால் ஐந்தாவதாக நிற்பது 2. ஆகவே நடுக்கட்டம் தேயிலையாகிவிடும். அங்கே மிகக் குறைவாக இருப்பதே தேயிலைதான். தேயிலைக்கு 5 என்று எண் கொடுத்திருந்தால் விடை புல்வெளியாக மாறும். எண்ணை மாற்றினால் நிலம் மாறுகிற கருவியை நாம் பயன்படுத்த முடியாது.

ஆனால் ஆசிரியை எழுதிய "பெரும்பான்மை" என்ற சொல்லிலும் எனக்கு ஒரு தடை உண்டு. மேலே சொன்ன ஒன்பதில் சோலை நான்குதான், பாதிகூட இல்லை. ஆனாலும் பல மென்பொருள்கள் சோலை என்றே எழுதும். வேறு சில, பாதிக்கு மேல் இருந்தால்தான் மாற்றும், இல்லாவிட்டால் நடுக்கட்டத்தை இருந்தபடியே விட்டுவிடும். இரண்டும் வேறு வேறு செயல்கள், வெவ்வேறு படங்களைத் தருபவை. முதல் வகையைக் கிராஸ் மென்பொருள் அதன் உண்மைப் பெயரால்தான் அழைக்கிறது:

```
r.neighbors input=vagai output=vagai3 size=3 method=mode
```

புள்ளியியல் பாடநூலில் `mode` என்பதற்கு முகடு என்ற சொல் நெடுநாளாக இருக்கிறது. ஆகவே "முகட்டு வடிகட்டி" என்பதே சரி.

கோத்தகிரியிலிருந்து:

பொருள் நுட்பத்தை ஏற்கிறேன், ஐயா. ஆனால் மலைமுகட்டைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளிடம் "முகட்டு வடிகட்டி" என்றால், தொட்டபெட்டாவின் உச்சியை ஏதோ செய்யும் கருவி என்றே எடுத்துக்கொள்வார்கள். அதே கையேட்டில் உயரத் தரவைப் பற்றிய பாடம் வேறு இருக்கிறது. அங்கே முகடு என்றால் உண்மையாகவே முகடுதான்.

உதகையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பெரும்பான்மை என்றால் பாதிக்கு மேல் என்ற பொருள் வாக்கெடுப்பு வந்த பிறகு ஏறியது. பழைய உரையாசிரியர்கள் "பெரும்பான்மை இவ்வாறு வரும், சிறுபான்மை அவ்வாறும் வரும்" என்று எழுதும்போது யாரும் எண்ணிப் பார்த்து எழுதவில்லை. மிகுதியாக வருவது, அருகி வருவது என்பதே அங்குப் பொருள். ஆகவே முதற்பாதியை நான் காப்பேன். என் வழக்கு பிற்பாதியின் மேல்தான்.

வடிதல் என்றால் நீர் இறங்குதல். சோறு வடித்தால் கஞ்சி வெளியே போகிறது, சோறு நிற்கிறது. இங்கே எதுவும் வெளியே போகவில்லை. ஒன்பது கட்டம் உள்ளே போனால் ஒன்பதும் அப்படியே இருக்கின்றன, ஒன்றின் நிறம் மாறுகிறது, அவ்வளவே. அரித்தல் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். அரிசியில் கல் அரிப்பது நல்ல உவமைதான், ஆனால் இந்த மாவட்டத்தில் அரிப்பு என்றவுடன் மண்ணரிப்பு நினைவுக்கு வந்துவிடும். மேடுபள்ளத்தைச் சமமாக்குவதை நிரவுதல் என்கிறோம். "பெரும்பான்மை நிரவி" என்பது என் முன்மொழிவு.

உப்பு-மிளகு பற்றியும் ஒரு சொல். அணியிலக்கணத்தார் இருவகைக் கலப்பைச் சொல்வார்கள். எள்ளும் அரிசியும் கலந்தாற்போல் தனித்தனியே தெரிவது ஒன்று. பாலும் நீரும் கலந்தாற்போல் பிரிக்க முடியாதது மற்றொன்று. நம் படத்தில் தெறித்துக் கிடப்பது எள்ளும் அரிசியும்தானே? "எள்ளரிசிப் பிசிறு" என்றால் என்ன குறை? படத்தில் ஓசையே இல்லாதபோது இரைச்சல் எங்கிருந்து வந்தது என்பதையும் யாராவது எனக்கு விளக்க வேண்டும்.

கூடலூரிலிருந்து:

ஐயா, இரைச்சல் வானொலிக் காலத்திலிருந்து வந்த சொல், அது போகட்டும். உங்கள் இரண்டாவது உவமை, நீங்கள் நினைத்ததைவிடப் பயனுள்ளது. ஒரு பிக்சலுக்குள்ளேயே பாதி தேயிலையும் பாதி மரமும் இருந்தால் அது பாலும் நீரும். அந்தக் கலப்புதான் பல இடங்களில் எள்ளரிசிக்குக் காரணமே. வடிகட்டியோ நிரவியோ, மேலே தெரியும் எள்ளைத்தான் மறைக்கும். உள்ளே கலந்த நீரைப் பிரிக்காது. இதைக் கையேட்டில் ஒரு வரியாவது எழுதிவிடுங்கள்.

மஞ்சூரிலிருந்து, சிறு தேயிலை விவசாயி:

தலைப்பில் வடிகட்டி என்று பார்த்ததும் தேயிலைத்தூள் சம்பந்தப்பட்டது என்று நினைத்துத்தான் உள்ளே வந்தேன், மன்னிக்கவும். வந்ததற்கு இரண்டு செய்திகள் சொல்கிறேன். எங்கள் ஊரில் நிரவுதல் என்றால் பொக்லைன் வைத்துச் சரிவை வெட்டித் தட்டையாக்குவது. பிள்ளைகளுக்கு அந்தப் படம்தான் மனத்தில் வரும். மற்றொன்று, தேயிலைத் தொழிற்சாலையில் சலிப்பார்கள். கீழே விழும் டஸ்ட்டை யாரும் குப்பையில் போடுவதில்லை, அதற்கும் விலை உண்டு.

எனக்குத் தேயிலைக்கு நடுவே பத்து சென்ட்டில் கேரட் இருக்கிறது. ஒரு முறை அலுவலர் ஒருவர் காட்டிய வரைபடத்தில் அந்த இடம் முழுவதும் தேயிலை என்று இருந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கூடலூரிலிருந்து:

அந்த வரைபடம் எப்படிச் செய்யப்பட்டது என்று தெரியாமல் உறுதி சொல்ல முடியாது. ஆனால் கணக்கு இதுதான். பத்து சென்ட் என்பது ஏறத்தாழ 405 சதுர மீட்டர். பத்து மீட்டர் பிக்சல் ஒன்று 100 சதுர மீட்டர். ஆக உங்கள் கேரட் நன்றாக அமைந்தால் இரண்டுக்கு இரண்டு, நான்கு பிக்சல். அவற்றுள் எதை நடுவில் வைத்து ஒன்பது கட்டம் போட்டாலும் கேரட் நான்கு, தேயிலை ஐந்து. பாதிக்கு மேல் என்ற கடுமையான விதியிலேயே நான்கும் ஒரே ஓட்டத்தில் போய்விடும். அது பிசிறு இல்லை, பயிர்.

இதைவிட எனக்குக் கவலை தருவது சோலைதான். அவலாஞ்சிப் பக்கம் புல்வெளி மடிப்புகளில் ஓடையோடு இறங்கும் சோலை, பல இடங்களில் ஒரு பிக்சல் அகலமே இருக்கும். நேர்கோடாகப் போனால் ஒன்பதில் சோலை மூன்று, புல் ஆறு. கோடு முழுவதும் அழிந்துவிடும். இரண்டு பிக்சல் அகலம் இருந்தால் ஒன்பதில் ஆறு சோலை, தப்பிக்கும். படம் இன்னும் சுத்தமாக வரட்டும் என்று ஐந்துக்கு ஐந்து போட்டால், அந்த இரண்டு பிக்சல் சோலையும் இருபத்தைந்தில் பத்தாகி மறைந்துவிடும்.

என் முதல் ஆண்டுப் பணியில் நான் அப்படித்தான் செய்தேன். அச்சிட்ட படம் கண்ணுக்கு அழகாக இருந்தது. பின்னர்ப் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டு, மாறிய பிக்சல்களை மட்டும் சிவப்பில் போட்டுப் பார்த்தபோது, சிவப்பு சிதறிக் கிடக்கவில்லை. ஓடை ஓடையாக நெளிந்து கீழே இறங்கியது. பிசிறு என்றால் எங்கும் பரவிக் கிடக்க வேண்டும். மாற்றம் கோடு கோடாக வந்தால் கருவி நிலத்தைத் தின்கிறது என்று பொருள். மாணவர்களை இந்தச் சிவப்புப் படத்தைக் கட்டாயம் போட வையுங்கள். வகைவாரிப் பரப்பை முன்னும் பின்னும் எழுதவும் சொல்லுங்கள்.

சோலைக்கு நான் இப்போது பயன்படுத்துவது வேறு கருவி. அது அக்கம்பக்கத்தை எண்ணாமல், ஒட்டியிருக்கும் திட்டு முழுவதையும் எண்ணுகிறது. ஒன்பது பிக்சலுக்குக் குறைந்த திட்டைப் பக்கத்தில் உள்ள பெரிய திட்டோடு சேர்த்துவிடுகிறது:

```
gdal_sieve.py -st 9 -8 vagai.tif salitthathu.tif
```

ஒல்லியாக இருந்தாலும் நீளமான சோலை இதில் தப்பிக்கும். அந்த `-8` முக்கியம். அது இல்லாவிட்டால் மூலைவாட்டாக இறங்கும் சோலையின் பிக்சல்கள் ஒன்றையொன்று தொடாதவை என்று கொள்ளப்பட்டு, தனித்தனிப் புள்ளிகளாக நீக்கப்பட்டுவிடும். மஞ்சூர் நண்பரின் நான்கு பிக்சல் கேரட்டை இதுவும் காப்பாற்றாது. எல்லையை நான்காகக் குறைத்தால்தான் உண்டு, அப்போது பிசிறும் பாதி தங்கிவிடும்.

உதகையிலிருந்து:

இதற்குச் "சல்லடை" என்று பெயர் வைக்கத் தடை இல்லை. மஞ்சூர்க்காரர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். நிரவி பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. கருவி சரிவை வெட்டித் தட்டையாக்குகிறது என்றுதான் கூடலூர் ஐயாவும் இவ்வளவு நேரமாக எழுதிக்கொண்டிருக்கிறார். அந்தப் படம் பிள்ளைகளுக்கு வந்தால் நல்லதுதானே?

குன்னூரிலிருந்து:

இடைநிலையை நான் திரும்பப் பெறுகிறேன். ஆனால் எள்ளரிசி வேண்டாம். மாணவர் நாளை இணையத்தில் தேடும்போது உப்பு-மிளகு என்றால்தான் வழி கிடைக்கும்.

கோத்தகிரியிலிருந்து:

என்னையும் தனி மடலில் எழுதிய இருவரையும் சேர்த்து ஏழு பேர் கருத்துச் சொல்லியிருக்கிறோம். பெரும்பான்மை வடிகட்டிக்கு மூன்று, முகட்டு வடிகட்டிக்கு இரண்டு, நிரவிக்கு ஒன்று. மஞ்சூர் ஐயா எதற்கும் சொல்லவில்லை. உதகை ஐயாவின் பொருளில் இது பெரும்பான்மை, கூடலூர் ஐயாவின் பொருளில் இல்லை. நேரமில்லாததால் உதகைப் பொருளை எடுத்துக்கொண்டு, "பெரும்பான்மை வடிகட்டி", "உப்பு-மிளகுப் பிசிறு", "சல்லடை" என்று அச்சுக்கு அனுப்புகிறேன். பாதிக்கு மேல் வேண்டுமா, மிகுதி போதுமா என்பதை எந்த மென்பொருளில் எப்படிப் பார்ப்பது என்று அரைப்பக்கம் சேர்த்திருக்கிறேன். அவலாஞ்சிச் சிவப்புப் படம் இருந்தால் கூடலூர் ஐயா புதன்கிழமைக்குள் அனுப்பித் தர வேண்டுகிறேன்.

கூடலூரிலிருந்து:

படம் இணைத்துள்ளேன். என் பெயரைக் கையேட்டில் போடுவதாக இருந்தால், "முகடு" என்பதை அடைப்புக்குறிக்குள்ளாவது சேர்த்துவிட்டுப் போடுங்கள்.

மஞ்சூரிலிருந்து:

கேரட் இந்த வாரம் பிடுங்கிவிடுவேன். அடுத்துப் பூண்டு. படம் எடுக்கும் தேதி தெரிந்தால் சொல்லுங்கள்.