புதுப்பிப்பு: கருவி இல்லாமல் பயிற்சியின் கடுமையை அளப்பது

கேட்டது: "15 வயதுப் பிள்ளைகள் ஓட்டப் பயிற்சியில் எவ்வளவு சிரமப்படுகிறார்கள் என்று வாட்ச் எதுவும் இல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால் எல்லோரும் 5 என்கிறார்கள்."

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலன் தந்தது பள்ளிப் பயிற்சியாளர் சொன்ன வழி. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, 0 முதல் 10 வரை மொத்தப் பயிற்சிக்கும் ஒரே எண் கேட்பது. முடிந்த கையோடு கேட்டால் கடைசி ஓட்டத்தின் மூச்சிரைப்புதான் பதிலாக வருகிறது. கூட்டமாகக் கேட்டால் முதல் ஆள் சொன்னதையே மற்றவர்களும் சொல்கிறார்கள். தனியாகக் கேட்டதுமே 3, 7 எல்லாம் வந்துவிட்டன.

அப்புறம், நான் நினைத்த எண்ணை முன்பே எழுதி வைத்தேன். இதில்தான் எதிர்பாராதது. லேசான 40 நிமிட ஓட்டத்துக்கு நான் எழுதியது 3. நிமிடத்தை அந்த எண்ணால் பெருக்கினால் வருவதுதான் பயிற்சிச் சுமை, அதாவது 120. ஒரு மாணவி சொன்னது 6, அவளுக்கு அது 240. விசாரித்தால், தேர்வுக்காகச் சரியாகத் தூங்கவில்லையாம். மறுநாள் வேக ஓட்டத்தை அவளுக்கு மட்டும் தள்ளிவைத்தேன்.

நாடி பிடிக்கச் சொன்ன நண்பரே, சீரான ஓட்டத்துக்குச் சரி. குட்டை ஸ்பிரிண்டில் பெரும்பாலும் ஓட்டம் முடிந்த பிறகுதான் நாடி உச்சத்துக்கு ஏறுகிறது. முழங்கால் வலி பற்றிக் கேட்டவருக்கு: இந்த எண் வலியைச் சொல்லாது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

எப்போதும் 4 என்றே சொல்லும் ஒரு பையன் மட்டும் இன்னும் பிடிபடவில்லை.