குழாய்ச் சுவரில் ரேடியல் கண்டக்‌ஷன்: ஃபைனைட் டிஃபரன்ஸ் விடை பொருந்தவில்லை, அவசரம்

மூன்றாமாண்டு_மெக்
வணக்கம். நாளைக்கு லேப் ரெக்கார்டு கொடுக்க வேண்டும். குழாய்ச் சுவரில் வெப்பம் உள்ளிருந்து வெளியே போவதற்கு சிலிண்டர் ஆயத்தில் ஃபைனைட் டிஃபரன்ஸ் சமன்பாடு எழுதி, பைத்தானில் ஓட்டிவிட்டேன். இரண்டாவது நோடில் 163 வர வேண்டும். எனக்கு 140 வருகிறது. சமன்பாடு சரிதான், பலமுறை பார்த்துவிட்டேன். எங்கே தப்பு? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

சூடாறாதவர்
எந்த 163, எந்த 140? உள் ஆரம், வெளி ஆரம், இரண்டு பக்கமும் என்ன நிபந்தனை, எத்தனை நோடு, ஸ்டெடியா இல்லையா, ஒன்றுமே சொல்லவில்லையே தம்பி. ஆனால் என் ஊகம் இதுதான்: காஸ்-சைடல் பாதியிலேயே நின்றிருக்கும். எல்லா நோடையும் குறைந்த வெப்பநிலையில் ஆரம்பித்து, சுற்றுகளைச் சீக்கிரம் நிறுத்தினால் விடை இப்படித்தான் கீழேயே தங்கிவிடும். சுற்றுகளைக் கூட்டிப் பாருங்கள்.

நேரியல்_நாதன்
இந்தக் கேள்வி இங்கே மாதம் ஒருமுறை வந்துவிடுகிறது. தட்டைச் சுவருக்கான சமன்பாட்டை அப்படியே குழாய்க்குப் போட்டிருப்பார். 1/r உறுப்பை விட்டுவிட்டு "சமன்பாடு சரிதான்" என்பார்கள். முதலில் புத்தகத்தைத் திறந்து சிலிண்டர் லாப்லாசியன் எப்படி இருக்கும் என்று பார்க்கட்டும். அதற்கப்புறம் பைத்தான்.

மூன்றாமாண்டு_மெக்
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். உள் ஆரம் 20 மிமீ, வெளி ஆரம் 60 மிமீ. உள்ளே 200 டிகிரி, வெளியே 100 டிகிரி, இரண்டும் மாறாது. ஸ்டெடி. 5 நோடு, அதாவது 10 மிமீக்கு ஒன்று. 1/r உறுப்பு இருக்கிறது சார்:

```python
for i in range(1, n-1):
    a = dr/(2*r[i])
    T[i] = 0.5*((1-a)*T[i-1] + (1+a)*T[i+1])
```

மாற்றம் 1e-8க்குக் கீழே போகும் வரை சுற்றுகிறது. வரும் விடை 140.34, 120.45, 108.52.

கயல்_எண்முறை
நாதன் சார் சொன்னது இங்கே பொருந்தாது. 1/r விட்டுப்போயிருந்தால் நேர்கோடு வந்திருக்கும்: 175, 150, 125. வந்திருப்பது நேர்கோடு இல்லை, வளைவுதான். சரியான பக்கமாகத்தான் வளைகிறது, அளவுக்கு மீறி வளைகிறது. குறியை மாற்றிப் போட்டிருந்தால் எதிர்ப்பக்கம் வளைந்திருக்கும். ஆகவே சமன்பாட்டின் உருவம் சரி. உள்ளே போகும் ஏதோ ஒரு எண்தான் கோளாறு.

பழைய_பாய்லர்
பொருள் என்ன என்று யாருமே கேட்கவில்லையே. ஸ்டெயின்லெஸ்ஸுக்கு k ஏறக்குறைய 15, சாதா கார்பன் ஸ்டீலுக்கு 50 பக்கம். மூன்று மடங்கு வித்தியாசம். தப்பான k போட்டிருந்தால் எல்லாமே தப்பாகத்தான் வரும். அப்புறம், 20 மிமீ ஆரத்துக்கு 40 மிமீ தடிமனில் சுவரா? எங்கள் ஆலையில் 50 மிமீ ஆரம், 3 மிமீ சுவர். அதற்கு நேர்கோடே போதும். சுவர் நடுவில் லாக் வளைவுக்கும் நேர்கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் மொத்த வீழ்ச்சியில் நூற்றில் ஒரு பங்கைக்கூடத் தொடாது.

கயல்_எண்முறை
மெல்லிய சுவர் பற்றிச் சொன்னது சரி அண்ணா. ஆனால் இரண்டு பக்கமும் வெப்பநிலையே கொடுத்திருக்கும்போது, k எங்கும் ஒன்றாக இருந்தால் அது இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். 15 போட்டாலும் 50 போட்டாலும் சுவருக்குள் அதே வெப்பநிலைதான். போகும் வாட் மட்டும் மாறும். அவர் நிரலில் k இல்லவே இல்லை பாருங்கள், இருக்கத் தேவையும் இல்லை.

சூடாறாதவர்
சரி, சுற்று இல்லை என்றால் நோடு பற்றாக்குறை. 5 நோடு எதற்குக் காணும்? 9, 17 என்று கூட்டுங்கள், தானாக 163க்கு வந்துவிடும்.

தண்டு
எனக்கும் இதே பிரச்சினை வந்தது! நடுவில் r = 0 ஆகும்போது 1/r வெடித்துவிடும். அங்கே லோபிதால் விதி போட்டால் 1/r உறுப்பும் இரண்டாம் வகையீடாக மாறி, மொத்தம் இரண்டு மடங்கு ஆகிவிடும். மைய நோடுக்கு மட்டும் அந்தச் சமன்பாட்டைத் தனியாக எழுதுங்கள். என் தண்டு கணக்கு அப்படித்தான் சரியானது.

மூன்றாமாண்டு_மெக்
@தண்டு அண்ணா, என் லூப் இரண்டாவது நோடிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. r[0] பூஜ்யமாக இருந்தாலும் அதால் வகுப்பதே இல்லை, எர்ரரும் வரவில்லை.
@சூடாறாதவர் சார், கூட்டிப் பார்த்தேன். அதே இடத்தில் 9 நோடுக்கு 134, 17 நோடுக்கு 129. இன்னும் கீழே போகிறது!!

கயல்_எண்முறை
நில்லுங்கள். தண்டு கேட்டது வேறு கணக்கு, ஆனால் அவர் தயவில் விஷயம் வெளியே வந்துவிட்டது. உங்கள் கணக்கு குழாய். மிகச் சிறிய ஆரமே 20 மிமீ. அப்படியிருக்க r[0] எப்படிப் பூஜ்யம் ஆனது? r கட்டிய வரியைப் போடுங்கள்.

நோடு கூட்டும்போது 140, 134, 129 என்று விலகிக்கொண்டே போவதையும் கவனியுங்கள். சரியான சமன்பாடாக இருந்தால் வலை நுணுக நுணுக விடை ஓர் இடத்தில் நிலைக்கும். இங்கே நிலைக்காததற்குக் காரணம், உள்ளே துளையே இல்லாத ஒன்றை நிரல் தீர்த்துக்கொண்டிருக்கிறது. ஆரம் பூஜ்யமான கோட்டில் 200 டிகிரியைப் பிடித்து வைத்தால், லாக் அங்கே முடிவிலிக்குப் போகும். வலையை நுணுக்க நுணுக்க மொத்த வீழ்ச்சியும் உள்ளோரத்திலேயே குவிந்துகொண்டு போகும், மற்ற இடமெல்லாம் மெல்ல 100ஐ நோக்கி இறங்கும்.

மூன்றாமாண்டு_மெக்

```python
dr = 0.04/(n-1)
r = np.arange(n)*dr
```

கயல்_எண்முறை
அதேதான். ஆரத்தை உள் சுவரிலிருந்து அளந்திருக்கிறீர்கள், குழாயின் அச்சிலிருந்து அளக்க வேண்டும். தட்டைச் சுவரில் எங்கிருந்து அளந்தாலும் ஒன்றுதான், ஏனென்றால் சமன்பாட்டில் இடம் தனியாக வருவதில்லை, dr மட்டும்தான். சிலிண்டரில் r தானே பரப்பு.

```python
r = 0.02 + np.arange(n)*dr
```

இனிமேல் நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி. இரண்டு நோடுக்கு நடுவே உள்ள ஆரத்தையும் அங்கே விழும் டிகிரியையும் பெருக்குங்கள். ஸ்டெடி என்றால் ஒவ்வொரு இடைவெளியிலும் அது ஒரே எண்ணாக வர வேண்டும், உள்ளே நுழைந்த வெப்பம் வழியில் காணாமல் போக முடியாது. உங்கள் விடையில் 25 × 59.7 = 1492. அடுத்தது 35 × 19.9 = 696. இரண்டாவது இடைவெளிக்குள் வருவதற்குள் பாதிக்கு மேல் வெப்பம் மாயமாகிவிட்டது. அங்கேயே பிடித்திருக்கலாம்.

மூன்றாமாண்டு_மெக்
163.29, 137.08, 116.68 வந்துவிட்டது. நன்றி மேடம்.

கயல்_எண்முறை
சரியாக வந்திருக்கிறது. லாக் சூத்திரம் 163.09, 136.91, 116.60 கொடுக்கும். 25 × 36.7 போட்டுப் பாருங்கள், 918 பக்கம் வரும், எல்லா இடைவெளியிலும் அதே. மிச்சமுள்ள 0.2 டிகிரி 5 நோடின் விலை. நோடு இடைவெளியைப் பாதியாக்கினால் அது ஏறக்குறைய கால்வாசியாகும். ரெக்கார்டில் அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

நேரியல்_நாதன்
விடை வந்துவிட்டது என்பதற்காக முறை சரியாகிவிடாது. இரண்டாம் வகையீட்டைத் தனியாகவும் 1/r உறுப்பைத் தனியாகவும் விரித்து டிஃபரன்ஸ் எடுப்பதே தவறான பழக்கம். ஒவ்வொரு நோடைச் சுற்றியும் ஒரு வளையம் எடுத்து, அரை ஆரங்களில் வெப்பச் சமநிலை எழுத வேண்டும். அதில்தான் ஆற்றல் காக்கப்படும். அப்படிச் செய்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

கயல்_எண்முறை
வந்திருக்கும் சார். r தப்பாக இருந்தால் அரை ஆரமும் தப்பாகத்தான் இருக்கும். அதோடு இந்தக் கணக்கில் இரண்டு முறையும் ஒன்றே. அவர் சமன்பாட்டை r[i] ஆல் பெருக்குங்கள். T[i-1]க்கு முன்னால் r[i] − dr/2, T[i+1]க்கு முன்னால் r[i] + dr/2. அவைதான் உங்கள் அரை ஆரங்கள். சம இடைவெளியும் மாறாத k-யும் இருக்கும்வரை ஓர் இம்மி வித்தியாசம் கிடையாது.

நேரியல்_நாதன்
k வெப்பநிலையோடு மாறினால்? இடைவெளி சமமில்லாவிட்டால்? மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எங்கும் நிற்கும் முறையைச் சொல்ல வேண்டும். தற்செயலாகப் பொருந்துவதைச் சொல்லக்கூடாது.

கயல்_எண்முறை
அந்த இரண்டு இடத்திலும் வளைய முறைதான் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது அது இல்லையே.

சூடாறாதவர்
இரண்டுமே வேண்டாம். ln r-ஐ ஆயமாக எடுத்துக்கொண்டால் சமன்பாடு தட்டைச் சுவர் போலவே ஆகிவிடும், மூன்று நோடு போட்டாலும் துல்லியமான விடை வரும். நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

நேரியல்_நாதன்
துல்லியமான விடை ஏற்கெனவே கையில் இருக்கும் கணக்குக்குத்தான் அது. சுவருக்குள் வெப்பம் உற்பத்தியானால் உங்கள் மூன்று நோடு எங்கே போகும்?

தண்டு
சண்டைக்கு நடுவில் ஒரு சந்தேகம். வெளிப்பக்கம் 100 டிகிரி என்று கொடுக்காமல் காற்று படுகிறது, h கொடுத்திருக்கிறார்கள் என்றால் கடைசி நோடுக்கு என்ன எழுதுவது? நான் `k*(T[n-2]-T[n-1])/dr = h*(T[n-1]-Tinf)` என்று எழுதினேன்.

கயல்_எண்முறை
அது தட்டைச் சுவருக்கு. குழாயில் வெப்பம் கடைசி அரை வளையத்துக்குள் 55 மிமீ ஆரத்தில் நுழைந்து, 60 மிமீ ஆரத்தில் காற்றுக்குப் போகிறது. இரண்டும் வேறு பரப்பு. இடப்பக்கத்தை 55ஆலும் வலப்பக்கத்தை 60ஆலும் பெருக்குங்கள். 5 நோடு வைத்துக்கொண்டு இதை விட்டால் அந்த வரியில் 9 சதவீதப் பிழை. நோடு கூடினால் பிழை குறையும் என்பதால் பலர் கண்ணில் படுவதில்லை.

பழைய_பாய்லர்
இதுதான் எனக்கு வேண்டியது. எங்கள் குழாய்க்கு மேலே ராக்வூல் சுற்றியிருக்கிறது. ஸ்டீல் 3 மிமீ, ராக்வூல் 50 மிமீ. இரண்டும் சேரும் இடத்தில் நோடு வைக்க வேண்டுமா, அல்லது சேரும் இடம் இரண்டு நோடுக்கு நடுவில் வர வேண்டுமா? ஒருவர் ஹார்மானிக் சராசரி k போடச் சொல்கிறார், இன்னொருவர் அது குழாய்க்குச் செல்லாது என்கிறார்.

சூடாறாதவர்
நோடை சேரும் இடத்திலேயே வையுங்கள், சராசரியே தேவையில்லை.

நேரியல்_நாதன்
நடுவில்தான் வைக்க வேண்டும். ஹார்மானிக் சராசரியும் போடலாம், லாக் எடையோடு.

கயல்_எண்முறை
இரண்டும் முடியும், ஆனால் அதற்கு முன்னால்: ஸ்டீலுக்கும் ராக்வூலுக்கும் ஒரே dr எடுக்கிறீர்களா? உள்ளே ஓடுவது நீராவியா, வெந்நீரா? ராக்வூலுக்கு எந்த வெப்பநிலையில் k எடுத்தீர்கள்?