பின்னால செய்தி, முன்னால நான்: ஒரு பக்கம் சாயுற மாதிரி தெரியுதே, என்ன செய்ய?

மன்னை_மைக்: காவிரிச் செய்திகளை விளக்கி ரீல்ஸ் போடுறேன். கிரீன் துணி, கைன்மாஸ்டர்ல குரோமா கீ, பின்னால பத்திரிகை ஸ்கிரீன்ஷாட். 2023 செப்டம்பர் விவகாரத்துக்கு "தண்ணீர் தர கர்நாடகா மறுப்பு"ங்கிற தலைப்பை வச்சேன். ரெண்டு தரப்பையும் சொல்லியும் கமென்ட்ல "நீ ஒரு பக்கம்"னு திட்டு. போதாததுக்கு முடி ஓரம் பச்சையா மின்னுது.

திருவையாறு_சேகர்: சுலபம் தம்பி. தமிழ்ப் பத்திரிகை பாதி, கர்நாடகப் பத்திரிகை பாதி பக்கத்துல பக்கத்துல வை. நடுநிலை ஆயிடும்.

கும்பகோணம்_எடிட்டர்: சேகர் அண்ணா, ரெண்டு தரப்பும் வரணும்ங்கிறது சரி. ஆனா செங்குத்துத் திரையில பாதிப் பாதியா வச்சா எழுத்தே படிக்க முடியாது. அதோட எல்லாமே கருத்து மோதல்தான்னு ஆயிடும். மாநில எல்லையில தண்ணியை அளக்கிற பிலிகுண்டுலுல எவ்வளவு வந்ததுங்கிறது அளவுக் கணக்கு, கருத்து இல்ல.

மன்னை, முதல்ல பச்சை. துணிக்கு ஒட்டி நிக்கிறீங்க, அதுல பட்ட வெளிச்சம் முடியில திரும்புது. நாலஞ்சு அடி முன்னால வாங்க. துணிக்குத் தனி விளக்கு, ரெண்டு பக்கமும் ஒரே அளவா. இதைச் செய்யாம ஸ்லைடரை ஏத்தினா முடிதான் கரையும்.

இனி தலைப்பு. நீங்க பேசுறது ஓடிப்போயிடும், பின்னால இருக்கிறது கடைசிவரை நிக்கும். சத்தமில்லாம பாக்கிறவங்களுக்கு "மறுப்பு"தான் உங்க வாக்கியம். கர்நாடகா சொன்னது "அணையில இருப்பு இல்ல, குடிநீருக்கே பத்தாது, தர இயலாது". மறுப்புங்கிறது பத்திரிகை போட்ட சொல்.

அதனால தலைப்பு நாலு விநாடி போதும், பத்திரிகை பேரும் தேதியும் வெட்டாம. அப்புறம் நடந்ததை உங்க வரியிலயே போடுங்க: "செப்டம்பர் 12, ஒழுங்காற்றுக் குழு பரிந்துரை: விநாடிக்கு 5,000 கனஅடி, 15 நாள். 18, மேலாண்மை ஆணையம் ஏற்பு. 21, உச்ச நீதிமன்றம் தலையிட மறுப்பு." இங்க மறுப்பு சரியான சொல்தான், கோர்ட் அதைத்தான் செஞ்சது. அடுத்து "கர்நாடகா தரப்பு", "தமிழ்நாடு தரப்பு"னு ரெண்டு அட்டை, ஒரே நிறம், ஒரே நேரம். நம்ம பக்கம் வைக்க வேண்டியது: பற்றாக்குறை வருஷத்துல விகிதப்படி பங்கு, காயுற குறுவை.

வேதாரண்யம்_ரீல்ஸ்: எனக்கும் இதே பிரச்சினை, பின்னால எழுத்து தலைகீழாத் தெரியுது.

கும்பகோணம்_எடிட்டர்: அது வேறங்க. இடவலம் மாறித் தெரிஞ்சா செல்ஃபி கேமராவோட மிரர் அமைப்பை அணைச்சுப் பாருங்க.

மன்னை_மைக்: நன்றிண்ணா. கர்நாடகா நமக்கு வருஷத்துக்குத் தரணும்ங்கிற 177.25 டிஎம்சியையும் அட்டையில போடலாமா?

கும்பகோணம்_எடிட்டர்: "2018 தீர்ப்பு, சாதாரண மழை ஆண்டுக்கு"ன்னு சேர்த்துப் போடுங்க. 2023 மழை குறைஞ்ச வருஷம், வெறும் எண்ணைப் போட்டா அதுவே சாய்வு.

திருவையாறு_சேகர்: அவ்வளவு விளக்கினா எவன் பாப்பான்? டெல்டாக்காரன் டெல்டா பக்கம் பேசினா தப்பா?

கும்பகோணம்_எடிட்டர்: தப்பில்ல அண்ணா. அப்ப பின்னால செய்தியை வைக்காம "என் கருத்து"ன்னு போடுங்க.