ஊட்டி லாட்ஜ் மாடியில் 22 பேனல் ஸ்ட்ரிங்: காலையில் மட்டும் எரியும் சிவப்பு விளக்கு

நீலகிரிவாசி

ஊட்டியில் ஒரு லாட்ஜுக்கு மின்சாரப் பராமரிப்பு பார்க்கிறேன். போன வருடம் மாடியில் சோலார் போட்டார்கள். 540 வாட் பேனல் 110, ஒரு 50 கிலோவாட் இன்வெர்ட்டர். 22 பேனலைத் தொடராகக் கோத்து ஒரு ஸ்ட்ரிங், அப்படி ஐந்து ஸ்ட்ரிங், ஒவ்வொன்றும் இன்வெர்ட்டரின் தனித்தனி எம்பிபிடி இன்புட்டில். காண்ட்ராக்டர் கீழே சமவெளியில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போட்ட டிராயிங்கையே இங்கேயும் கொண்டுவந்தார்.

மழைக்காலம் முழுக்கத் தொந்தரவே இல்லை. டிசம்பர் கடைசியில் ஆரம்பித்தது. காலையில் இன்வெர்ட்டர் ஓடாது, சிவப்பு விளக்கு எரியும், பத்து மணிக்கு மேல் தானாகவே சரியாகிவிடும். ஒருநாள் விடிந்ததும் மாடிக்கே போய் நின்றேன். புல்வெளியெல்லாம் வெள்ளையாக உறைபனி. பேனல் கண்ணாடியில் பனி உருகி வழிந்துகொண்டிருந்தது. மலைக்குப் பின்னாலிருந்து வெயில் வந்து பேனலில் விழுந்ததும் டிஸ்ப்ளேயில் எண் ஏறத் தொடங்கியது. 1060, 1085, 1098. 1100ஐத் தாண்டியதும் `PV overvoltage` என்று காட்டிவிட்டு நின்றுவிட்டது. அதற்கு மேலும் எண் ஏறிக்கொண்டிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன், வேறென்ன செய்வது?

காண்ட்ராக்டரைக் கேட்டால், "பேனல் லேபிளில் 49.5 வோல்ட், 22ஆல் பெருக்கினால் 1089, இன்வெர்ட்டர் 1100 வரை தாங்கும், அப்புறம் என்ன? இன்வெர்ட்டர்தான் கோளாறு" என்கிறார். இன்வெர்ட்டர் கம்பெனி ஆள் லேப்டாப்பைச் செருகி, உள்ளே பதிவாகியிருக்கும் அதிகபட்ச வோல்டேஜைப் பார்த்துவிட்டு, வாரண்டி பற்றி இனிமேல் பேசவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இதுபோல வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

பழைய வயர்மேன்

தம்பி, காலையில் ஃபால்ட், பத்து மணிக்குச் சரி என்றால் அது ஈரம். எங்கள் ஊர் கல்யாண மண்டபத்தில் இதேதான். கேபிள் ஜாயிண்டில் தண்ணீர்.

நான் சொல்கிறபடி செய்யுங்கள். முதலில் பேனலுக்கு அடியில் தொங்குகிற கனெக்டர் எல்லாவற்றையும் தூக்கி ஃபிரேமில் கட்டுங்கள், தளத்தில் படவே கூடாது. கட்டுவதற்கு வெள்ளை டை போடாதீர்கள், வெயிலில் ஒரே வருடத்தில் உதிர்ந்துவிடும், கறுப்பு யுவி டை வாங்குங்கள். ஒரு கம்பெனி ஆண் கனெக்டரை வேறு கம்பெனி பெண் கனெக்டரில் செருகியிருந்தால் வெட்டி எறிந்துவிட்டு ஒரே கம்பெனியாகப் போடுங்கள். செருகும்போது சத்தம் கேட்கும், பொருந்தியது போலவே இருக்கும், ஆனால் உள்ளே தொடர்பு சரியாக இருக்காது, சூடேறி உருகும். கண்டூயிட் பைப்பின் வாய் மேலே பார்த்து இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும், கீழே வளைத்துவிடுங்கள். தாழ்வான இடத்தில் சின்னதாக ஒரு ஓட்டை போடுங்கள், உள்ளே போன தண்ணீர் வெளியேறட்டும். இதெல்லாம் முடித்துவிட்டு ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் தனியாகக் கழற்றி மெகர் வைத்து இன்சுலேஷன் பாருங்கள்.

நீலகிரிவாசி

அண்ணே, டிஸ்ப்ளேயில் வருவது `PV overvoltage`. ஈரம் என்றால் இன்சுலேஷன் என்று அல்லவா காட்டும்? மழைக்காலத்திலும் இது வரவில்லையே.

கோவை சைட்

நான் காண்ட்ராக்டர் பக்கம். கோவையில் 22 பேனல் ஸ்ட்ரிங் நிறையப் போட்டிருக்கிறேன், ஒரு சைட்டிலும் பிரச்சினை இல்லை. குளிரில் வோல்டேஜ் ஏறும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பூஜ்யம் டிகிரி என்பது விடியற்காலை இருட்டில். இருட்டில் பேனல் வோல்டேஜ் கொடுக்காது. வெயில் வரும்போது பேனல் சூடாகிவிடும், மதியம் ஊட்டியிலேயே 40 டிகிரி தாண்டும், வோல்டேஜ் லேபிளை விடக் கீழேதான் இருக்கும். பூஜ்யம் டிகிரியையும் முழு வெயிலையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து டிசைன் பண்ணுகிறவர்கள். பேனலைக் குறைத்தால் ஸ்ட்ரிங் எண்ணிக்கை கூடும், கேபிள் செலவு கூடும். அந்தப் பணத்தை யார் கொடுப்பார்கள்?

கணக்குப்பிள்ளை

கோவை சைட் சொல்வதில் பாதி சரி. பூஜ்யம் டிகிரியும் உச்சி வெயிலும் ஒரே நேரத்தில் வராது. மீதிப் பாதியில்தான் சிக்கல் இருக்கிறது.

வெயில் குறைந்தால் கரண்ட் அதே அளவில் குறையும், ஓபன் சர்க்யூட் வோல்டேஜ், அதாவது கரண்ட் எடுக்காதபோது நிற்கும் வோல்டேஜ், அப்படிக் குறையாது. ஐந்தில் ஒரு பங்கு வெயில் இருந்தாலே கிட்டத்தட்ட 96 சதவீத வோல்டேஜ் வந்துவிடும். அதே நேரம் பேனல் 4 டிகிரியில் இருந்தால் குளிரால் 5.7 சதவீதம் ஏறும். நாலு போய் அஞ்சே முக்கால் வருகிறது. 22 பேனலுக்குப் போட்டுப் பாருங்கள், சுமார் 1105 வருகிறது. நீலகிரிவாசி மாடியில் நின்று பார்த்தது அதைத்தான். காற்று 4 டிகிரி இருக்கும் இரவில் திறந்த வானத்துக்குக் கீழே கிடக்கும் கண்ணாடி காற்றை விடவும் குளிர்ந்துபோகும், அதனால்தான் அதன்மேல் பனி உறைகிறது.

இன்னொன்று, இன்வெர்ட்டர் ஓடும்போது அது பேனலை உச்ச பவர் புள்ளிக்கு இழுத்துவிடும். 22 பேனலுக்கு அது லேபிள் கணக்கில் 915 வோல்ட்தான். அதனால்தான் கோவையில் யாரும் கவனிக்கவில்லை. காலையில் ஓடத் தொடங்குவதற்கு முன்னாலும், கரண்ட் கட் ஆகும்போதும் ஸ்ட்ரிங் முழு ஓபன் சர்க்யூட்டில் நிற்கும். மேகம் விலகி வெயில் பளிச்சென்று அடிக்கிற நொடியில், பேனல் இன்னும் குளிர்ந்திருக்கையில் கரண்ட் கட் ஆனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். உங்கள் கோவைக் கணக்கையே 15 டிகிரிக்குப் போட்டால் 1118 வருகிறது. உங்கள் சைட் இன்வெர்ட்டரில் பதிவான அதிகபட்சத்தை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

லேபிள் வோல்டேஜ் 25 டிகிரிக்கானது, ஊட்டிக்கு நான் பூஜ்யம் டிகிரி எடுத்துப் போடுவது இப்படி. டேட்டாஷீட்டில் ஒரு டிகிரிக்கு 0.27 சதவீதம் என்று இருக்கிறது:

```
49.5 × (1 + 0.0027 × 25) = 52.84
1100 ÷ 52.84 = 20.8
```

ஆக அதிகபட்சம் 20. 21 போட்டால் 1110. உண்மையில் 21 பெரும்பாலும் தப்பித்துவிடும் என்று கோவை சைட் வாதாடலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எரிந்த இன்வெர்ட்டருக்கு வாரண்டி கேட்கும்போது "பெரும்பாலும்" என்பதை எந்தக் கம்பெனியும் ஏற்றுக்கொள்ளாது.

110 பேனலை 20ஆகப் பிரித்தால் 10 மிச்சம் நிற்கும், அதைத் தனியாக ஒரு ஸ்ட்ரிங்காக விட்டால் வோல்டேஜ் ரொம்பக் குறைவு. ஆறு ஸ்ட்ரிங்காக்குங்கள். 19 பேனலில் இரண்டு, 18 பேனலில் நான்கு. 38ம் 72ம் சேர்ந்தால் 110. 19 இரண்டையும் ஒரே எம்பிபிடியில் சேருங்கள், 18 ஒவ்வொன்றையும் தனித்தனியாக விடுங்கள். நீளம் மாறிய ஸ்ட்ரிங்குகளை ஒரே எம்பிபிடியில் சேர்த்தால் இரண்டுமே தன் புள்ளியில் ஓடாது. சேர்ப்பதற்கு முன் அந்த எம்பிபிடியின் கரண்ட் எல்லையைப் பாருங்கள், இரண்டு ஸ்ட்ரிங் சேர்ந்து 26 ஆம்ப் வரும். சில மாடல்களில் எல்லையே 26தான், உங்களுடையது 30 என்றால் கவலை இல்லை.

கோடையில் போதாமல் போய்விடுமோ என்று பயப்படத் தேவையில்லை. பேனல் 70 டிகிரிக்குச் சூடானாலும் 18 பேனலில் 630 வோல்ட் இருக்கும், ஊட்டியில் அந்தச் சூடு வராது. கேபிளுக்கும் 4 ஸ்கொயரே போதும். கூரையிலிருந்து இன்வெர்ட்டருக்கு 45 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் போக வர 90 மீட்டரில் 13 ஆம்புக்கு 6 வோல்ட் போகும், 750இல் அது ஒரு சதவீதம்கூட இல்லை.

திருப்பூர் நூல்மில்

ஸ்ட்ரிங் நீளம் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. ஃபியூஸ்தான் உயிரை எடுத்தது. நான்கு ஸ்ட்ரிங்கை ஒரு டிசி பாக்ஸில் சேர்த்து இன்வெர்ட்டருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஏப்ரல் மதியம் ஒரு ஸ்ட்ரிங் போய்விடும். கிளாம்ப் மீட்டர் வைத்தால் பூஜ்யம். எலக்ட்ரீஷியன் 15 ஆம்ப் ஃபியூஸ் மாற்றுவார், சில நாள் கழித்துப் பக்கத்து ஸ்ட்ரிங் போகும். ஒருநாள் பாக்ஸைத் திறந்தால் பிளாஸ்டிக் கருகிய வாடை மூக்கில் ஏறியது, ஃபியூஸ் ஹோல்டர் பழுப்பாகிக் கிடந்தது. மாடிக் கைப்பிடிச் சுவரில் மேற்கு வெயில் நேராக அடிக்கிற இடத்தில் அந்தப் பாக்ஸை மாட்டியிருந்தார்கள்.

கணக்குப்பிள்ளை

15 ஆம்ப் என்பது 330 வாட் பேனல் காலத்துப் பழக்கம். அப்போது கரண்ட் 9 ஆம்ப் சுமார். இப்போது 540 வாட் பேனலில் ஓடும்போதே 13 ஆம்ப், ஷார்ட் சர்க்யூட் 13.85. 65, 70 டிகிரி பாக்ஸுக்குள் 15 ஆம்ப் ஃபியூஸ் 12 ஆம்ப் சுமக்கவே திணறும். பழுது எதுவும் இல்லாமலே மதியம் உருகத்தான் செய்யும்.

13.85ஐ ஒன்றரையால் பெருக்கினால் 20.8, அடுத்த அளவு 25. பேனல் லேபிளிலும் அதிகபட்ச ஃபியூஸ் 25 என்று இருக்கிறதா பாருங்கள், அதற்கு மேல் போகக்கூடாது. டப்பாவில் gPV என்று அச்சிட்டிருக்க வேண்டும், ஏசி ஃபியூஸ் டிசி ஆர்க்கை அணைக்காது. வெயில் இருக்கும்போது ஹோல்டரை இழுத்துத் திறக்கவே கூடாது. முதலில் டிசி ஐசொலேட்டரை ஆஃப் செய்யுங்கள், கிளாம்பில் பூஜ்யம் பாருங்கள், பிறகு திறங்கள்.

நீலகிரிவாசிக்கு ஃபியூஸே தேவையில்லை. இரண்டு ஸ்ட்ரிங் சேரும் இடத்தில் ஒன்று பழுதானால் மற்றொன்று தள்ளுவது 14 ஆம்ப்தான், பேனல் 25 தாங்கும். மூன்று சேர்த்தால் இரண்டு ஸ்ட்ரிங் சேர்ந்து 27.7 தள்ளும், அங்கேதான் ஃபியூஸ் கட்டாயம்.

திருப்பூர் நூல்மில்

நாங்கள் இப்போது 20 ஆம்ப் ஃபியூஸ் போட்டிருக்கிறோம், இந்தக் கோடையில் ஒன்றும் போகவில்லை. பாக்ஸையும் படிக்கட்டு நிழலுக்கு மாற்றிவிட்டோம். எது காப்பாற்றியது, 20ஆ நிழலா என்று சொல்லத் தெரியவில்லை.

கோவை சைட்

இரண்டு சைட் இன்வெர்ட்டரில் பார்த்தேன். ஒன்றில் 1071, மற்றதில் 1084. 1118 எங்கே? நான் சொன்னதுதான்.

கணக்குப்பிள்ளை

இரண்டு சைட்டிலும் எத்தனை வருடப் பதிவு இருக்கிறது? டேட்டா பத்து நிமிடத்துக்கு ஒரு தடவைதான் எழுதுகிறது என்றால் கரண்ட் கட் ஆன நொடி அதில் இருக்காது. அது இருக்கட்டும், சமவெளியில் 15 டிகிரி எடுப்பதா, வருடாவருடம் வரும் குறைந்த அளவின் சராசரியை எடுப்பதா என்று எங்கள் ஆபீசிலேயே சண்டை உண்டு. மலையில் மட்டும் சராசரி பார்க்க மாட்டேன், பூஜ்யத்தையே எடுப்பேன்.

நீலகிரிவாசி

காண்ட்ராக்டர் ஆறு ஸ்ட்ரிங்காக மாற்ற ஒப்புக்கொண்டார், ஆறாவது ஸ்ட்ரிங்கின் கேபிள் காசு லாட்ஜ் தலையில். டிசி பாக்ஸைத் திறந்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. மின்னல் எழுச்சியைத் தடுக்கும் எஸ்பிடியில் 1000 என்று எழுதியிருக்கிறது, ஐந்தில் இரண்டின் ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்பாக மாறியிருக்கிறது. இடி விழுந்திருக்கும் என்கிறார் காண்ட்ராக்டர். டிசம்பரில் இங்கே இடி ஏது? சிவப்பான இரண்டை மட்டும் அதே 1000 வோல்ட்டில் மாற்றித் தருகிறாராம். 19 பேனல் என்றால் பூஜ்யம் டிகிரியில் 1004 வருகிறது. நாலு வோல்ட்டுக்காக எல்லாவற்றையும் மாற்றச் சொல்லலாமா?

கோவை சைட்

நாலு வோல்ட்டுக்கா? வேண்டாம் சார். அந்த 1004 எந்தக் காலத்திலும் வராது.

கணக்குப்பிள்ளை

18 பேனல் ஸ்ட்ரிங்குகளில் 951தான், அங்கே 1000 இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் சிவப்பாகாத மூன்றும் இவ்வளவு நாள் 1100 வாங்கியவை, பச்சையாக இருப்பதால் நல்லது என்று அர்த்தமில்லை, அவற்றையும் புதிதாகக் கேளுங்கள். 19 பேனல் எம்பிபிடிக்கு 1100க்கு மேல் எழுதிய எஸ்பிடியை நான் போடுவேன்.

பழைய வயர்மேன்

கனெக்டரை ஃபிரேமில் கட்டினீர்களா தம்பி?